உடையவர் விலையும் கொள்பவர் விலையும்

சங்க அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டிலுள்ள குழித்தறி ஒன்றை விற்றுவிடக் கருதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான், தமக்கும் வயதாகிவிட்டது. தறி ஈராண்டுகளாக ஓடாமல் கிடக்கிறது. அதே தெருவில் பிறர் தறியில் கூலிக்கு நெய்துவரும் இளைஞர் ஒருவர் அதை வாங்க வருகிறார். உடையவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொள்பவர் 6,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசும் தரமுடியாது என்கிறார். நேர்மையான இரண்டு மனிதர்கள் சிறிது நேரம் பேசுகிறார்கள். பிறகு மனக்கசப்புடன் பிரிகிறார்கள். “தறியைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறான்” என்கிறார் உடையவர். “பெரியவருக்கு இத்தனை பேராசை ஆகாது” என்கிறார் கொள்பவர். தறி தூசி படிந்து கிடக்கிறது. இளைஞர் பிறர் தறியிலேயே நெய்துகொண்டிருக்கிறார்.

இத்தகைய வழக்குகளில் ஒருவர் பேராசைக்காரர் என்றோ, மற்றவர் கஞ்சர் என்றோ தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் இருவருமே தத்தம் மனத்தில் தோன்றிய உண்மையான மதிப்பைத்தான் கூறினார்கள் என்றால் என்ன சொல்வது? ஒரே பொருள், ஒரே நாள், ஒரே சந்தை. ஆயினும் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு இரு மடங்காக மாறக்கூடும் என்று பொருளாதார அறிஞர்களும் உளநூல் அறிஞர்களும் சோதித்துக் கண்டிருக்கின்றனர். இதற்கு ‘உடைமை விளைவு’ என்று பெயர். 1980-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் இப்பெயரை இட்டார். அதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் பொருட்டு அவரும் மற்ற இருவரும் பின்னர் நடத்திய சோதனை ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

குவளைச் சோதனை

தேலருடன் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் என்னும் இரு பேராசிரியர்களும் சேர்ந்து செய்த இச்சோதனையின் முடிவுகள் 1990-இல் வெளியாயின. அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர் கொண்ட வகுப்பு ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒருவர் விட்டு ஒருவருக்காக 22 பேருக்குக் காப்பி அருந்தும் பீங்கான் குவளை ஒன்று கொடுக்கப்பட்டது. பல்கலைக்கழகக் கடையில் அதன் விலை 6 டாலர். குவளை கிடைக்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் குவளையை வாங்கி நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. ஆகவே பொருளின் தரத்தைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் தரப்பட்டது. அதில் பல விலைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. குவளை வைத்திருப்பவர் ஒவ்வொரு விலைக்கும் எதிரே ‘இந்த விலைக்கு விற்பேன்’ அல்லது ‘விற்கமாட்டேன்’ என்று குறிக்கவேண்டும். இல்லாதவர் ‘வாங்குவேன்’ அல்லது ‘வாங்கமாட்டேன்’ என்று குறிக்கவேண்டும். தாள்கள் எல்லாம் திரட்டப்பட்டு, விற்போர் தொகையும் வாங்குவோர் தொகையும் எந்த விலையில் ஒத்துவருகின்றனவோ அந்த விலையே சந்தை விலையாகக் கொள்ளப்படும். அந்த விலைக்கு விற்க இசைந்தவர்கள் விற்பார்கள். வாங்க இசைந்தவர்கள் வாங்குவார்கள். பணமும் குவளையும் உண்மையாகவே கை மாறும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். சந்தையில் ஒருவரோடொருவர் பேரம் பேசும்போது, விற்பவர் ஏற்றிச் சொல்வதும் வாங்குபவர் இறக்கிச் சொல்வதும் வழக்கம். இங்கே பேரத்துக்கு இடமில்லை. 44 தாள்களையும் சேர்த்து விலை கட்டப்படுவதால், தனி ஒருவர் ஏற்றி எழுதுவதனால் தமக்குக் கிடைக்கும் விலையைப் பெரும்பாலும் உயர்த்திக்கொள்ள முடியாது. நல்ல விலைக்கு விற்கும் வாய்ப்பை இழப்பதே மிச்சம். ஆகையால் உள்ளபடியே எழுதுவதுதான் எவருக்கும் நன்மை.

மாணவர்கள் இந்த முறையைச் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்ற ஐயம் எழலாமன்றோ? அதற்காகக் குவளைக்கு முன்னர் வெறும் வில்லைகளை வைத்து ஒத்திகை நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த வில்லை எத்தனை பணம் பெறும் என்பதைச் சோதனை நடத்துவோரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டனர். வில்லைக்கென்று தனி அழகோ பயனோ கிடையாது; அது பணத்துக்கு மாற்றிக்கொள்ளும் சீட்டு மட்டுமே.

இங்கே ஒரு சிறு கணக்கு. 44 பேரில் பொருளை அதிகமாக மதிப்பவர்கள் 22 பேர், குறைவாக மதிப்பவர்கள் 22 பேர் என்று பிரித்துக்கொள்வோம். பொருள்களோ விருப்பத்தைப் பாராமல் 22 பேருக்கு வழங்கப்பட்டுவிட்டன. ஆகவே அதிகமாக மதிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், அதாவது 11 பேர், ஏற்கெனவே அதைப் பெற்றிருப்பார்கள். மீதி 11 பேர் அதைக் குறைவாக மதிப்பவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவேண்டும். ஆகவே 11 வியாபாரம் நடக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வில்லைச் சந்தை மூன்று முறை நடந்தது. நடந்த வியாபாரங்கள் 12, 11, 10. எதிர்பார்ப்புக்கு இதைவிட நெருங்கிய விடை கிடைக்குமா? மாணவர்கள் முறையை நன்றாகவே அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

அதே மாணவர்கள், அதே முறை. வில்லைக்குப் பதில் குவளை. சந்தை நான்கு முறை நடத்தப்பட்டது. எந்த ஒரு முறை நடந்தது செல்லும் என்பது பின்னரே தெரியும் என்பதால் நான்கையும் உண்மையாகக் கொண்டே எழுதவேண்டியிருந்தது. நடந்த வியாபாரங்கள் 4, 1, 2, 2. பதினொன்று நடக்கவேண்டிய இடத்தில் இரண்டும் நான்கும் நடந்தன. எழுதிய விலைகளைப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. குவளை உடையவர்களின் விலைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நின்ற விலை 5 டாலர் 25 சென்ட். இல்லாதவர்களின் நடு விலை 2 டாலர் 25 சென்ட்டுக்கும் 2 டாலர் 75 சென்ட்டுக்கும் இடையே இருந்தது. அரை மணிக்கு முன்னர் வரையில் இவ்விரு கூட்டத்தாருக்கும் எந்த வேறுபாடும் இல்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கையாவது அடைகாத்து வளர்த்தது. இம்மாணவர்கள் அந்தக் குவளைக்காக உழைக்கவில்லை. அதில் ஒருநாளும் காப்பி அருந்தியதுமில்லை. சற்று முன் இனாமாக வந்த பொருளுக்கே இந்த மதிப்பு ஏறிவிட்டது என்பதுதான் வியப்பு.

மூன்றாவது மனிதர்

இதற்கு ஓர் ஆட்சேபம் கூறலாம். “உடையவர் விலையை ஏற்றுகிறார் என்று ஏன் சொல்லவேண்டும்? வாங்குபவர் கையிலிருந்து பணம் போகவேண்டியிருக்கிறது. மாணவர்களிடம் பணம் ஏது? ஆகவே அவர்கள் விலையைக் குறைக்கிறார்கள் என்றும் சொல்லலாமே.” நியாயமான கேள்விதான். விலை இடைவெளி உடையவர் பக்கத்தில் உண்டாகிறதா, கொள்பவர் பக்கத்தில் உண்டாகிறதா என்பதை அறியாமல் பரிகாரம் தேட இயலாது.

இதைத் தீர்க்கும் பொருட்டு அதே பேராசிரியர்கள் கனடாவிலுள்ள சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் 77 மாணவர்களைக் கொண்டு மற்றொரு சோதனை நடத்தினர். இம்முறை மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதற் கூட்டத்தாருக்குக் குவளை கொடுக்கப்பட்டது, அவர்கள் விற்பவர்கள். இரண்டாம் கூட்டத்தார் தம் பணத்தைக் கொடுத்து வாங்குபவர்கள். மூன்றாம் கூட்டத்தாருக்குக் குவளையும் கொடுக்கவில்லை. அவர்கள் பணமும் செலவழிக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு விலைக்கும் எதிரே, ‘எனக்குக் குவளை வேண்டும்’ என்றோ ‘இந்தத் தொகை வேண்டும்’ என்றோ அவர்கள் குறித்தால் போதும். இவர்களைத் தேர்பவர்கள் என்று அழைப்போம்.

விற்பவரையும் தேர்பவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் முடிவில் குவளையோடு வீட்டுக்குப் போவார், அல்லது பணத்தோடு போவார். தேர்பவரும் அவ்விதமே. இருவர் முன்னும் உள்ள வழிகள் கணக்கில் ஒன்றேதான். ஒரே வேறுபாடு, விற்பவருடைய மேசையில் குவளை இப்பொழுதே அவருடையதாக இருக்கிறது. தேர்பவருக்கு அது இன்னும் அவருடையது ஆகவில்லை. கணக்கு மட்டுமே மனிதனை ஆள்வதானால் இவ்விருவர் விலையும் ஒத்திருக்கவேண்டும்.

கிடைத்த நடு விலைகள் இவை: விற்பவர் 7 டாலர் 12 சென்ட், தேர்பவர் 3 டாலர் 12 சென்ட், வாங்குபவர் 2 டாலர் 87 சென்ட். தேர்பவர் விலை வாங்குபவர் விலையை ஒட்டி நின்றது. விற்பவர் விலை மட்டும் அவ்விரண்டிலும் இரு மடங்குக்கு மேலாக உயர்ந்து தனியே நின்றது. வாங்குபவரின் பணமுடையினால் இடைவெளி உண்டானது என்றால், பணம் செலவழிக்கத் தேவையில்லாத தேர்பவரின் விலை விற்பவர் விலைக்கு அருகில் அன்றோ இருந்திருக்கவேண்டும்? ஆகவே இடைவெளியின் பெரும்பகுதி உடையவர் பக்கத்தில்தான் உண்டாகிறது என்பது தெளிவாயிற்று. இந்த மூன்றாவது மனிதரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் அவர் நமக்கு உதவியாக வருவார்.

காரணம் என்ன?

கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்பவரும் 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில் இதற்கு அடிப்படை இருக்கிறது. மனிதன் ஒரு நன்மையையோ தீமையையோ தன் மொத்தச் சொத்துடன் சேர்த்து எடைபோடுவதில்லை. தான் இப்பொழுது நிற்கும் நிலையிலிருந்து ஏற்றமா இறக்கமா என்றே பார்க்கிறான். அவ்வாறு பார்க்கையில், ஒரு ரூபாய் வரும்போது உண்டாகும் மகிழ்ச்சியைவிட ஒரு ரூபாய் போகும்போது உண்டாகும் வருத்தம் கனமாக இருக்கிறது என்றனர் அவர்கள். பிற்காலச் சோதனைகள் பலவற்றில் இந்தக் கனம் ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரியவந்தது. இதை ‘இழப்பச்சம்’ எனலாம்.

இப்பொழுது குவளைக்கு வருவோம். இல்லாதவருக்குக் குவளை ஒரு வரவு. அதற்கு வரவின் எடையைப் போட்டு விலை சொல்கிறார். உடையவருக்குக் குவளையை விடுவது ஓர் இழப்பு. அதற்கு இழப்பின் எடையைப் போட்டு விலை சொல்கிறார். தராசு ஒன்று, படிக்கல் வேறு. உடையவர் பொருளை அதிக அழகுள்ளதாகக் கருதுகிறார் என்று கொள்வதைவிட, அதை விட்டுப் பிரிவதை அதிக வேதனையாகக் கருதுகிறார் என்று கொள்வதே பொருந்தும்.

தேலர் 1980-இல் எழுதிய கட்டுரையில் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். அவர் 1950-களின் பிற்பகுதியில் புட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 5 டாலர் வீதம் நல்ல திராட்சை மது வாங்கி வைத்திருந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அதே வியாபாரி புட்டிக்கு 100 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தார். இவர் விற்க மறுத்துவிட்டார். ஆனால் அவர் எந்த மதுப்புட்டிக்கும் 35 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதேயில்லை. 100 டாலருக்கு விற்கமாட்டார்; 36 டாலருக்கு வாங்கவும் மாட்டார். அப்படியானால் அவருக்கு அந்தப் புட்டியின் மதிப்புத்தான் என்ன? கையில் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

பணம் இடையில் வராத பண்டமாற்றிலும் இது நிகழ்கிறது. நெட்ச் 1989-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கூட்டத்தாருக்குக் குவளை கொடுத்து, விரும்பினால் அதைக் கொடுத்துவிட்டுப் பெரிய சாக்கலேட் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். நூற்றுக்கு 89 பேர் குவளையையே வைத்துக்கொண்டனர். மற்றொரு கூட்டத்தாருக்குச் சாக்கலேட்டைக் கொடுத்து, விரும்பினால் குவளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். நூற்றுக்கு 90 பேர் சாக்கலேட்டையே வைத்துக்கொண்டனர். ஒன்றையும் கொடுக்காமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்ன கூட்டத்திலோ, நூற்றுக்கு 56 பேர் குவளையையும் 44 பேர் சாக்கலேட்டையும் விரும்பினர். அதாவது பொருள்கள் ஏறத்தாழச் சமமாகவே விரும்பத்தக்கவை. ஆயினும் எது முதலில் கைக்கு வந்ததோ அதுவே உயர்ந்ததாகிவிட்டது.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களை அடுத்த வயற்காரருடன் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் வரப்புச் செலவும் நீர்ப்பாய்ச்சும் சிரமமும் குறையும் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கலாம். மண்ணும் நீரும் ஒத்த துண்டுகளாகவே இருக்கலாம். ஆயினும் “என் துண்டுக்கு அவன் துண்டு ஈடாகாது” என்று இருவரும் ஒரே வேளையில் சொல்வார்களானால், இருவர் சொல்லும் மெய்யாக இருக்க முடியாது. அங்கே மண்ணின் குணத்தைவிட உடைமையின் குணம் பேசுகிறதோ என்று ஐயுற இடமுண்டு.

எங்கே இது இல்லை?

உடைமை விளைவு எல்லாப் பொருளையும் எல்லா மனிதரையும் ஒன்றுபோல் பற்றுவதில்லை. இதை விட்டுவிட்டுப் பேசினால் பாதி உண்மை கூறியவர்கள் ஆவோம்.

முதலாவது, விற்பதற்கென்றே வைத்திருக்கும் சரக்குக்கு இது பொருந்தாது. பணத்துக்கு மாற்றுவதற்கென்றே இருந்த வில்லைகள் எதிர்பார்த்தபடி கைமாறின என்று மேலே கண்டோம். செருப்புக் கடைக்காரர் ஒரு சோடியை விற்கும்போது இழப்பாகக் கருதுவதில்லை. சரக்கு போவதும் பணம் வருவதுமே அவர் தொழில். அதுபோலவே நெசவாளர் சங்கத்தில் ஒப்படைக்க நெய்த சேலையை ஒப்படைப்பது அவருக்கு இழப்பன்று. அதே கையால் தம் மகள் கலியாணத்துக்கென்று நெய்து பெட்டியில் வைத்த சேலையை விலைக்குக் கேட்டால், அவர் சொல்லும் விலை வேறாக இருக்கும். பயன்படுத்தவென்று வைத்துக்கொண்ட பொருளில்தான் இவ்விளைவு குடியிருக்கிறது. தறியும் நிலமும் அந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, அடிக்கடி மாற்றிப் பழகியவர்களிடம் இது குறைகிறது. ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படச்சீட்டுகளும் நினைவுப் பொருள்களும் விற்கும் சந்தை ஒன்றில் சோதனை நடத்தி 2003-இல் முடிவுகளை வெளியிட்டார். வந்தவர்களுக்கு இரண்டு நினைவுப் பொருள்களில் ஒன்றைக் கொடுத்து, வேண்டுமானால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். உடைமை விளைவு இல்லையானால் பாதிப்பேர் மாற்றிக்கொள்ளவேண்டும். தொழில்முறை வியாபாரிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் மாற்றிக்கொண்டனர். இது எதிர்பார்ப்பை ஒட்டியது. மற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேரே மாற்றிக்கொண்டனர். வியாபாரிகள் அல்லாதவர்களிலும் அடிக்கடி மாற்றிப் பழகியவர்கள் வியாபாரிகளைப் போலவே நடந்துகொண்டனர்.

மூன்றாவது, அறிஞர்களிடையே இன்னும் தீராத விவாதம் ஒன்று உண்டு. சார்லஸ் பிளாட், காத்ரின் ஸைலர் என்னும் இருவர் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விலை எழுதும் முறையை மாணவர்களுக்கு விரிவாகக் கற்பித்து, பணம் வைத்துப் பலமுறை பழக்கி, யார் என்ன எழுதினார் என்பது எவருக்கும் தெரியாதவாறு செய்தார்கள். அப்பொழுது குவளைக்கு உடையவர் விலைக்கும் கொள்பவர் விலைக்கும் இருந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஆகவே இடைவெளியில் ஒரு பகுதி பழக்கக் குறைவினாலும், பேரம் பேசும் வழக்கத்தினாலும் நேர்வதாகும் என்பது அவர்கள் வாதம். 2011-இல் வேறு சிலர் அதே முறையைக் கையாண்டு, குலுக்கல் சீட்டுகளில் இடைவெளி நீங்காமல் இருப்பதைக் காட்டினார்கள். அறிஞர் வாதம் எப்படி முடியினும், பயிற்சியும் அமைதியான முறையும் இடைவெளியைச் சுருக்கும் என்ற செய்தி நமக்கு மிகவும் வேண்டப்படுவது. ஒருவர் தம் வாழ்நாளில் தறியையோ நிலத்தையோ எத்தனை முறை விற்கிறார்? ஒரு முறை, அல்லது இரு முறை. பழகித் தேறுவதற்கு அங்கே வழியில்லை. அதனால் முறையைத்தான் நாடவேண்டும்.

தறிக்குத் திரும்புவோம்

இனித் தொடக்கத்தில் விட்டுவந்த பெரியவரிடமும் இளைஞரிடமும் செல்வோம். பெரியவர் 12,000 என்றார். இளைஞர் 6,000 என்றார். இந்த 6,000 ரூபாய் இடைவெளி முழுவதும் உடைமை விளைவு என்று உடனே முடிவுகட்டிவிடலாகாது. உடையவர் அதிகம் கேட்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. தறியின் மரம் எப்படிப்பட்டது, எப்பொழுது செப்பனிடப்பட்டது என்பது அவருக்குத் தெரியும், இளைஞருக்குத் தெரியாது. பேரத்தில் இறங்கிவர இடம் வைத்து ஏற்றிச் சொல்லியும் இருப்பார். இவற்றை ஒவ்வொன்றாக உரித்தெடுத்த பிறகு எஞ்சுவது எதுவோ அதுவே உடைமை விளைவு.

முதலில் அறியாமையை நீக்கவேண்டும். இளைஞர் அந்தத் தறியில் இரண்டு நாள் உட்கார்ந்து நெய்து பார்க்கட்டும். கார்னெல் வகுப்பில் பக்கத்து மாணவரின் குவளையைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொன்னதும் இதற்காகவே. மரம் உறுதியானது என்று கண்டபின் அவர் 7,500 வரையில் வரலாம் என்று கொள்வோம்.

அடுத்துப் பெரியவரிடம் மூன்றாவது மனிதரின் கேள்வியைக் கேட்கவேண்டும். “ஐயா, இந்தத் தறி தங்களிடம் இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இதே போன்ற ஒரு தறி, அல்லது 9,000 ரூபாய் ரொக்கம், இரண்டில் ஒன்றைத் தங்களுக்குத் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால் எதைப் பெற்றுக்கொள்வீர்கள்?” ஈராண்டுகளாக நெய்யாதவர் பணத்தையே விரும்புவார். “8,000 ரூபாய் என்றால்?” அப்பொழுதும் பணம்தான் என்கிறார். “7,000 என்றால்?” சற்றுத் தயங்குகிறார். ஆக, தேர்பவராக இருந்தால் அவர் மனத்தில் தறியின் மதிப்பு 7,000-க்கும் 8,000-க்கும் இடையில் இருக்கிறது. அதற்கு மேல் 12,000 வரையில் உள்ள தொகை, பேரத்துக்கு வைத்த இடமும் பிரிவின் வேதனையும் ஆகும்.

அந்த வேதனை பொய்யானதென்று நாம் சொல்லவில்லை. தந்தையார் காலத்துத் தறி என்றால் அதில் வேறு எவராலும் விலைகட்ட முடியாத ஒன்று இருக்கத்தான் செய்யும். அப்படியானால், “இது விற்பனைக்கு இல்லை” என்று தம் மனத்துக்கும் பிறருக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது முற்றிலும் முறையே. ஆனால் விற்கவும் வேண்டும், அந்த வேதனைக்கும் வாங்குபவரே விலை கொடுக்கவேண்டும் என்றால் அது நடவாது. இளைஞர் வாங்குவது தறியை. பெரியவரின் தந்தையாரை அன்று.

கடைசியில் பேரத்தை நீக்கவேண்டும். இதற்கு ஓர் எளிய முறை உண்டு. தறி விலை அறிந்தவர்களும், இருவருக்கும் சம்பந்தமில்லாதவர்களுமான இரண்டு பேர் தறியைப் பார்வையிட்டு, தங்களுக்கு நியாயமாகப்பட்ட ஒரு விலையை எழுதி உறையிலிட்டு ஒட்டிவிடட்டும். இருவர் கேட்ட விலைகளும் அவர்கள் காதில் விழக்கூடாது. பெரியவர் தாம் ஒப்பக்கூடிய மிகக் குறைந்த விலையை ஒரு தாளில் எழுதட்டும். இளைஞர் தாம் தரக்கூடிய மிக அதிக விலையை எழுதட்டும். பிறகு மூன்றையும் பிரிக்கவேண்டும். உறையிலுள்ள விலை பெரியவர் எழுதியதற்குக் குறையாமலும், இளைஞர் எழுதியதற்கு மேற்படாமலும் இருந்தால் உறை விலைக்கே கிரயம் முடியும். இல்லையேல் அவரவர் வழி அவரவருக்கு.

இதில் ஏற்றி எழுதிப் பயனில்லை என்பதைக் காணுங்கள். உறையில் 7,500 என்று இருந்து, பெரியவர் உள்ளபடி 7,200 என்று எழுதியிருந்தால் அவருக்கு 7,500 கிடைக்கிறது. 300 ரூபாய் மிச்சம். சாமர்த்தியமாக 8,500 என்று எழுதியிருந்தால் விலை உயராது, விற்பனைதான் தவறிப்போகும். இளைஞருக்கும் இதுவே கணக்கு. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இந்த முறை பேரத்தை நீக்குமேயன்றி உடைமை விளைவைத் தானாக நீக்கிவிடாது. பெரியவர் மனப்பூர்வமாகவே 12,000 என்று நம்பினால் அதையே எழுதுவார், வியாபாரம் நடவாது. குவளைச் சந்தையில் நடந்தது அதுதான். ஆகையால் தேர்பவரின் கேள்வியைக் கேட்டுப் பார்த்த பின்னரே தாளில் எழுதவேண்டும் என்பது முக்கியம். வரிசை மாறினால் பயன் குன்றும்.

வாங்குபவருக்கும் ஒரு சொல். எதிரே இருப்பவர் இரு மடங்கு கேட்கிறார் என்றால் அவர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று உடனே எண்ணவேண்டாம். நாளை அந்தத் தறி தம் வீட்டுக்கு வந்து, மறுவாரம் வேறொருவர் விலைக்குக் கேட்டால், தாமும் 7,500-க்குக் கொடுக்க இசையமாட்டோம் என்பதை அவர் நினைத்துப் பார்க்கட்டும். விற்பவரோ தாம் எழுதப்போகும் தொகையைப் பார்த்து, “இந்தத் தறி என்னிடம் இல்லாதிருந்தால், இத்தனை பணத்தை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்வேனா?” என்று ஒரு முறை தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு உள்ளபடி வரும் விடையைத் தாளில் எழுதினால், ஓடாமல் கிடக்கும் தறி மீண்டும் ஓட வழி பிறக்கும்.